அயிலை பொரிச்ச எண்ணெய்: வெச்சுக்கலாமா, களையணுமா?

(காட்சி: இரும்புச் சீனச்சட்டி. கடைசி அயிலைத் துண்டை எடுத்தாச்சு. அடியில கருகின மசாலா, மேல செவந்த எண்ணெய்.)

களியக்காவிளை தாண்டி பாறசாலைப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்த அடுக்களைக்குப் போனாலும் இந்தச் சட்டியைப் பாக்கலாம். அரைக் கிலோ அயிலை பொரிக்க 300 மில்லி தேங்காய் எண்ணெய் ஊத்தினோம். இப்ப 200-க்குக் கொஞ்சம் மேல மிச்சம் இருக்கு. இன்னைக்கு விக்கிற விலையில இதைக் களைய யாருக்கும் மனசு வராது. களையவும் வேண்டாம், இது முதல் தடவைதான். ஆனா அடுத்த தடவை சட்டியில ஊத்தும்போது எதைப் பாத்து முடிவு பண்றது? அதைப் பேசுவோம்.

நம்ம எல்லைப் பக்கத்து அடுக்களையில பெரும்பாலும் ரெண்டு எண்ணெய் இருக்கும். மீனுக்குத் தேங்காய் எண்ணெய், சிக்கனுக்குச் சூரியகாந்தி. இது ரெண்டும் கெட்டுப்போற விதமே வேற. ஒண்ணுக்குப் பாக்க வேண்டிய அடையாளத்தை இன்னொண்ணுல தேடினா கிடைக்காது.

(காட்சி: எண்ணெயில விழற மீன் துண்டு, பக்கத்துல இருந்து. சுத்தி பொங்கற குமிழிகள்.)

மீனைப் போட்டதும் சடசடன்னு பொங்குதே, அது எண்ணெய் கொதிக்கறது இல்ல. மீன்ல இருக்கிற தண்ணி ஆவியா வெளிய வருது. அந்த ஆவி சூடான எண்ணெயை உடைக்குது. உடைஞ்சா கொழுப்பு அமிலங்கள் தனியாப் பிரிஞ்சு எண்ணெயிலயே கிடக்கும். இது சேரச் சேர எண்ணெய் சீக்கிரம் புகைய ஆரம்பிக்கும்.

தேங்காய் எண்ணெய்க்கு இதுதான் பலவீனம். செக்குல ஆட்டின எண்ணெய் புதுசா இருக்கும்போதே கிட்டத்தட்ட 175 டிகிரியில புகையும். மீன் பொரிக்கிற சூடும் 170, 180 தான். ஆக, ஆரம்பத்துலயே விளிம்புல நிக்கிற எண்ணெய் அது. ரெண்டு தடவை மீன் பொரிச்சதும் அந்த விளிம்பு இன்னும் கீழ இறங்கிடும். பிரியற அமிலத்துல பெரும்பங்கு லாரிக் அமிலம். சோப்புக்கும் அதே சரக்குதான். அதனாலதான் பழைய தேங்காய் எண்ணெயில பொரிச்ச மீன் நாக்குல லேசா சோப்பு மாதிரி இருக்கும், முழுங்கும்போது தொண்டையில கரகரன்னு பிடிக்கும். மீன் மேல பழி போடாதீங்க, அது எண்ணெயோட வேலை.

சூரியகாந்தி எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் புகையாது. அதைக் கெடுக்கிறது காத்து. அதுல இருக்கிற கொழுப்பு சூட்டுல ஆக்சிஜனோட சட்டுனு சேர்ந்துக்கிற வகை. அப்படிச் சேர்ந்து, ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு, எண்ணெய் கெட்டியாகும். சட்டி விளிம்புல எத்தனை தேய்ச்சாலும் போகாத மஞ்சள் பிசின் ஒண்ணு படியும் பாருங்க, அது இதேதான். உள்ள இருக்கிற எண்ணெயும் அந்த வழியிலதான் போயிட்டிருக்கு.

(காட்சி: ரெண்டு கரண்டி. ஒண்ணுல இருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டா விழுது. இன்னொண்ணுல நூல் மாதிரி இழுத்துக்கிட்டு இறங்குது.)

தேங்காய் எண்ணெய் காத்தால அவ்வளவு எளிசாக் கெடாது. ஆனா பொரிச்சது சாளையோ அயிலையோன்னா கதை மாறும். அந்த மீன்களோட சொந்த நெய் எண்ணெயில இறங்கிடும். மீன் நெய் ரொம்பச் சீக்கிரம் காறிப்போகும். அதனால சாளை பொரிச்ச எண்ணெயை நெத்திலி பொரிச்ச எண்ணெய் மாதிரி நினைச்சு வைக்கக் கூடாது. சாளை எண்ணெய்னா எனக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான், அதுவும் ரெண்டு மூணு நாளுக்குள்ள, அதுவும் மீனுக்கு மட்டும்.

“கறுத்தா களைஞ்சிரு”ன்னு மாமி சொல்வாங்க. நிறத்தை மட்டும் நம்ப முடியாது. காஷ்மீரி மிளகாய்ப்பொடி போட்டா முதல் தடவையிலயே எண்ணெய் செவந்துடும், அது பொடியோட சாயம். கார்ன்ஃப்ளார் போட்டுப் பிசைஞ்ச சிக்கன்னா மாவு உதிர்ந்து கருகி, ஒரே தடவையில எண்ணெய் தவிட்டு நிறத்துக்கு வந்துடும். மறுபுறம், தெளிவா நிக்கிற தேங்காய் எண்ணெய் அடுப்புல வெச்சதும் புகையலாம்.

அப்போ எப்படிப் பாக்கிறது? மிச்ச எண்ணெயைச் சட்டியில ஊத்தி, மிதமான தீயில வைங்க. ஒரு கறிவேப்பிலை போடுங்க. நல்ல எண்ணெயில இலை படபடன்னு வெடிச்சு, பெரிய குமிழி வந்து, இலை மொறுமொறுன்னு ஆனதும் அடங்கிடும். கெட்டுப்போன எண்ணெயில பொடிப்பொடியா நுரை கட்டி, இலையை எடுத்த பிறகும் அடங்காம நிக்கும். இலை போடறதுக்கு முன்னாடியே புகை வந்தா சோதனையே வேண்டாம், அதோட கதை முடிஞ்சது. தேங்காய் எண்ணெய்னா புகையையும் தொண்டைக் கரகரப்பையும் பாருங்க. சூரியகாந்தின்னா நுரையையும் பிசுபிசுப்பையும் பாருங்க.

ஒரு எச்சரிக்கை. மிச்சத் தேங்காய் எண்ணெய் பத்தலைன்னு அது மேலயே சூரியகாந்தியை ஊத்தற பழக்கம் இங்க நிறைய உண்டு. தேங்காய் எண்ணெயோட வேற எண்ணெய் கலந்தா பொரிக்கும்போது நுரை தள்ளும். சட்டி சின்னதா இருந்தா வழிஞ்சு தீயிலயே விழலாம். புதுசு ஊத்தினதால பழசும் புதுசாகாது. பழசுல இருக்கிற கெட்டது புதுசையும் சீக்கிரம் கெடுக்கும்.

(காட்சி: எஃகு கிண்ணத்து வாயில நாலா மடிச்ச தோர்த்து. எண்ணெய் மெதுவா இறங்குது.)

வெச்சுக்கிற எண்ணெயை ராத்திரி முழுக்கச் சட்டியிலயே விடாதீங்க. இரும்பும் காத்தும் அடியில கருகின தூளும் சேர்ந்து காலையிலயே அதைக் கெடுத்துடும். கை பொறுக்கிற சூடு வந்ததும், ஈரமில்லாத துணியில வடிங்க. அடியில கலங்கி நிக்கிற கடைசி ரெண்டு கரண்டியை வடிக்கவே வேண்டாம். சின்ன பாட்டில்ல கழுத்து வரை நிரப்பி, மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க. தேங்காய் எண்ணெய் உறைஞ்சுடும், அதனால ஒண்ணும் கெடாது. சிக்கன் பொரிச்சதுல அடுத்து மீன் பொரிக்கலாம். மீன் பொரிச்சதுல சிக்கன் பொரிச்சா வீடு முழுக்க யாரும் சாப்பிட மாட்டாங்க.

கடைகளுக்கு இதுக்குச் சட்டமே இருக்கு. எண்ணெய் சிதையும்போது உண்டாகிற போலார் பொருட்கள் மொத்தம் 25 சதவீதத்தைத் தாண்டினா அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாதுன்னு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்துது. அதை அளக்க, சூடான எண்ணெயில முக்கிப் பாக்கிற கருவி உண்டு. வீட்டுல அது இல்லாததாலதான் கறிவேப்பிலை. எண்ணெய் மூணு தடவைக்கு மேல வேண்டாம்னும் அவங்க சொல்றாங்க. என் கணக்குல மூணு மேல்வரம்பு. நெய் நிறைய இருக்கிற மீனுக்கு ரெண்டோட நிறுத்திடறேன்.

களையும்போது சிங்க்குல ஊத்தாதீங்க. மழைக்காலக் குளிர்ல தேங்காய் எண்ணெய் குழாய்க்குள்ளயே உறைஞ்சு, அதுல சோத்துப் பருக்கை ஒட்டி அடைச்சுக்கும். கிணத்தடியிலயும் வேண்டாம். பழைய பேப்பர்லயோ மரத்தூள்லயோ ஊற வெச்சு, பொதிஞ்சு குப்பையில போடுங்க. விளக்குக்கு ஊத்தலாம்ல, பாழாகாதுல்லன்னு கேக்கறவங்க சாளை எண்ணெயில ஒரு தடவை ஏத்திப் பாருங்க. பெரிய அளவுல மிஞ்சற ஹோட்டல்காரங்க பயோடீசலுக்கு எடுக்கிற, பதிவுபெற்ற ஆட்களுக்கு மட்டும் குடுக்கணும். கேன் கொண்டுவந்து காசு குடுத்து வாங்கிட்டுப் போறவர் அதை எங்க கொண்டு போறார்னு கேக்காம குடுத்தா, அந்த எண்ணெய் வேற ஏதாவது தட்டுக்கடைச் சட்டிக்குத் திரும்பி வரலாம்.