ஒரே கடிதத்தில் ஆறு ‘கொண்டிருக்கிறேன்’: வேலை விண்ணப்பமும் காலக் குழப்பமும்

வணக்கம் மக்களே! பச்சைப் பேனா கையில் இருக்கிறது, பார்த்தீர்களா? இன்றைக்கு யாருக்கோ வகுப்பு என்று புரிந்திருக்கும்.

நம் சேனல் பார்க்கும் ஒரு தங்கை, பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துநர் வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். கூடவே வைக்கும் கடிதத்தை எனக்கு அனுப்பி, “அக்கா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்றாள். திரையில் திருத்த எனக்குப் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும். பிரின்ட் எடுக்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். பக்கத்துக்குப் பத்து ரூபாய்! போன மாதம் வரை ஐந்து. கேட்டால், “டோனர் விலை ஏறிப்போச்சு மேடம்” என்கிறார். சரி, பத்தே இருக்கட்டும். ஆனால் கடிதத்தின் கடைசி ஒற்றை வரி மட்டும் இரண்டாம் பக்கத்துக்கு ஓடியிருக்கிறது. அந்த ஒரு வரிக்குத் தனியாகப் பத்து ரூபாய். இருபது ரூபாய் கொடுத்த கோபத்தோடுதான் இந்த வீடியோவை எடுக்கிறேன்.

முதல் வரியே இது: ‘நான் தற்போது ஒரு மாத இதழில் மெய்ப்புத் திருத்துநராகப் பணிபுரிந்து கொண்டிருக்கிறேன்.’

எனக்கும் ‘கொண்டிருக்கிறேன்’ என்ற சொல்லுக்கும் உள்ள உறவு பழைய பார்வையாளர்களுக்குத் தெரியும். போனில் “என்ன செய்கிறாய்?” என்று கேட்டால், “சாப்பிட்டுக் கொண்டிருக்கிறேன்” என்று சொல்லலாம். அந்த நேரத்தில் நடப்பதற்கு அது பொருத்தம். வேலை அப்படியில்லை. நேற்றும் இருந்தது, அடுத்த வாரமும் இருக்கும். அதற்கு நம்மிடம் ‘வருகிறேன்’ இருக்கிறது. ‘2021 முதல் ஒரு மாத இதழில் மெய்ப்புத் திருத்துநராகப் பணிபுரிந்து வருகிறேன்.’ தொடங்கிய ஆண்டும் வந்துவிட்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்பதும் வந்துவிட்டது. ‘தற்போது’ தானாகவே கழன்றுவிடும். இதே இடத்தில் சிலர் ‘2021 முதல் பணிபுரிந்தேன்’ என்று எழுதுகிறார்கள். படிப்பவர், இவர் எப்போது விட்டார் என்று தேட ஆரம்பித்துவிடுவார்.

அடுத்த வரி பழைய வேலை. ‘2018 முதல் 2021 வரை ஒரு அச்சகத்தில் பணிபுரிந்துள்ளேன்.’ இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன், நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆனால் ‘வரை’ என்று கதவைச் சாத்திவிட்ட பிறகு ‘உள்ளேன்’ எதற்கு? ‘பணிபுரிந்தேன்’ போதும். ‘உள்ளேன்’ நன்றாக உட்காரும் இடம் வேறு. ஆண்டு எதுவும் சொல்லாமல், இதுவரை சேர்ந்த அனுபவத்தைச் சொல்லும் இடம். ‘சிறுவர் நூல்கள், சமையல் நூல்கள், பள்ளி வழிகாட்டிகள் ஆகியவற்றுக்கு மெய்ப்புப் பார்த்துள்ளேன்.’ எப்போது என்பது அங்கே முக்கியமில்லை, இன்றைக்கு அந்த அனுபவம் கையில் இருக்கிறது என்பதுதான் செய்தி. ‘பார்த்திருக்கிறேன்’ என்றாலும் அதேதான், கொஞ்சம் பேச்சுச் சாயல் வரும், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு உண்மையிலேயே பிடித்த பகுதி. அச்சக வேலையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறாள். ‘பள்ளி வழிகாட்டிகளுக்கு மெய்ப்புப் பார்த்து வந்தேன். அச்சான பின் தெரியவரும் பிழைகளைக் குறைத்து வந்தேன்.’ முதல் ‘வந்தேன்’ அருமை. அன்றாடம் செய்த வேலை அது. இரண்டாவதைத்தான் அடித்தேன். பிழையைக் குறைத்தது சாதனை. அதையும் தினசரி வேலை மாதிரி ‘வந்தேன்’ போட்டால், எவ்வளவு குறைந்தது, எப்போது முடிந்தது, ஒன்றும் தெரியாது. என்ன நடந்தது என்று அவளையே கேட்டேன். நூலின் கடைசியில் ‘பிழைதிருத்தம்’ என்று தனித்தாள் ஒட்டுவார்கள் இல்லையா, 2019இல் ஒரு வழிகாட்டிக்கு அது நான்கு பக்கம் இருந்ததாம். அடுத்த ஆண்டுப் பதிப்பில் ஒரே பக்கம். அடிப்பாவி, இதை ஏன் எழுதவில்லை?

‘2019இல் நான்கு பக்கமாக இருந்த பிழைதிருத்தத் தாளை, அடுத்த ஆண்டுப் பதிப்பில் ஒரு பக்கமாகக் குறைத்தேன்.’ ஆண்டு, அளவு, ‘தேன்’. முடிந்தது.

அடுத்தது பார்த்தால் தெரியாத குழி. ‘சொற்பட்டியல் ஒன்றை உருவாக்கிப் புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன்.’ வாசிக்கச் சுத்தமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ‘உருவாக்கி’ என்பது எச்சம், முற்றுக்கு முன்னால் நடந்தது என்று மட்டும்தான் அது காட்டும். எப்போது நடந்தது என்பதற்குக் கடைசியில் வரும் வினைமுற்றைத்தான் நம்பியிருக்கும். இங்கே முற்று ‘அளிக்கிறேன்’. அதனால் ஒவ்வொரு முறையும் பட்டியல் போட்டுப் பயிற்சி தருகிறாள் என்றும் படிக்கலாம். உண்மையில் பட்டியலை உருவாக்கியது ஒரே தடவை, 2022இல். ‘நாள்காட்டியா, நாட்காட்டியா’ மாதிரி இரண்டு விதமாக எழுதும் சொற்களில் இதழ் எதைப் பின்பற்றும் என்று முடிவு செய்து தொகுத்தது. அது சாதனை, பயிற்சி தருவது இன்றைய வேலை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டினால் சாதனைதான் காணாமல் போகும். வெட்டிவிடுங்கள்: ‘இதழுக்கான சொற்பட்டியலை 2022இல் உருவாக்கினேன். அதைக் கொண்டு புதியவர்களுக்கு இன்றும் பயிற்சி அளிக்கிறேன்.’ அந்த ‘இன்றும்’ என்ற ஒரு சொல் இருப்பதால், நேற்றிலிருந்து இன்றைக்குத் தாவுவது உறுத்தாது.

திறமை வரி: ‘இன்டிசைனில் பக்கம் வடிவமைப்பேன்.’ தமிழில் ‘வடிவமைப்பேன்’ வழக்கத்தையும் சொல்லும், இனிமேல் செய்யப்போவதையும் சொல்லும். வேலை கேட்கும் கடிதத்தில் அது வாக்குறுதி மாதிரிதான் கேட்கும். ‘இன்டிசைனில் பக்கம் வடிவமைக்கத் தெரியும். எங்கள் இதழின் கவிதைப் பக்கங்களை நானே வடிவமைக்கிறேன்’ என்றால் சந்தேகமே இல்லை. ஆம், ஒன்று. அதற்கடுத்து ‘மின்னூல் தயாரிப்பு கற்றுக் கொண்டிருக்கிறேன்’ என்று இருந்தது. அதை விட்டுவிட்டேன்! பாதிக் கற்றிருக்கிறாள், அதுதான் நிலைமை. ஆறில் பிழைத்தது அந்த ஒன்றுதான்.

அட, முக்கியமானதைச் சொல்லவில்லையே. அவள் ராஜினாமா கொடுத்துவிட்டாள், இந்த மாதக் கடைசி வரை நோட்டீஸ் காலம். “அப்படியென்றால் ‘வருகிறேன்’ தப்பில்லையா அக்கா?” என்று கேட்டாள். தப்பில்லை. கடைசி நாள் வரை அது நிகழ்காலம்தான். கடிதத்தில் தேதி இருக்கிறது, அந்தத் தேதிக்கு உண்மையாக இருந்தால் போதும். அடுத்த மாதம் இன்னொரு இடத்துக்கு இதே கடிதத்தை அனுப்பினால்தான் எல்லாம் மாறும். ‘2021 முதல்’ என்பதோடு ‘வரை’ சேரும். ‘பணிபுரிந்து வருகிறேன்’ என்பது ‘பணிபுரிந்தேன்’ ஆகும், ‘வடிவமைக்கிறேன்’ என்பது ‘வடிவமைத்தேன்’ ஆகும், ‘இன்றும் பயிற்சி அளிக்கிறேன்’ என்பது ‘பயிற்சி அளித்து வந்தேன்’ ஆகும். ‘தெரியும்’ மட்டும் அசையாது. வேலையை விட்டால் இன்டிசைன் மறந்துவிடுமா என்ன? நிறையப் பேர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இறந்தகாலமாக்கி, ‘தெரிந்திருந்தது’ என்று எழுதி வைக்கிறார்கள். படிக்கவே பகீர் என்கிறது.

எதிர்காலத்துக்கு இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு இடம்தான், கடைசியில்: ‘வாய்ப்பளித்தால், அடுத்த மாதம் முதல் தேதியே பணியில் சேர்வேன்.’ இரண்டாம் பக்கத்துக்கு ஓடிப்போன வரி இதுதான். ஐந்து ‘கொண்டிருக்கிறேன்’ போனதும் அது மேலே ஏறிவந்து முதல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. பார்த்தீர்களா, இனி இவள் பிரின்ட் எடுத்தால் பத்தே ரூபாய்தான். கடைக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தேன்.

உங்கள் கடிதத்தில் எது எச்சம், எது முற்று என்று குழம்பினால் அந்த வரியை மட்டும் கீழே எழுதுங்கள், பார்க்கிறேன். முழுக் கடிதத்தையும் போடாதீர்கள், போன் நம்பரோடு ஒட்டிவிடுகிறீர்கள். வரட்டுமா!