மதினியோட பால் காலண்டரும் தலைவலி மாத்திரையும்

வணக்கம் மக்களே, சத்தம் கேக்குதான்னு கமெண்ட்ல சொல்லுங்க, பின்னாடி பஸ் சவுண்டு வரும், கடை ரோட்டு மேல இருக்கு ஒண்ணும் பண்ண முடியாது. மத்தியானம் 2 மணி, மதுரை வெயிலுக்கு இந்நேரம் ஒரு ஈ காக்கா கடைக்கு வராது, அதான் இப்பவே பேசிட்டு முடிச்சுர்றேன்.

புதுசா பாக்குறவுங்களுக்கு, நான் பார்மசிஸ்ட், மெடிக்கல் வச்சிருக்கேன். டாக்டர் இல்ல. இன்னைக்கு பேசப்போறது தலைவலி மாத்திரைய அடிக்கடி போட்டே தலைவலி வர்ற விசயம், எங்க மதினி கதை. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன், பேரு சொல்லாத மூஞ்சியக் காட்டாதன்னு ரெண்டே கண்டிஷன்.

மதினி டெய்லர். வீட்லயே மெசின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறாங்க, முகூர்த்த மாசம் வந்துருச்சுன்னா ராத்திரி 12 வரைக்கும் மெசின் ஓடும். அவங்களுக்கு மூத்த பையன் பொறந்ததுக்கு அப்பறத்துலருந்து ஒத்தத் தலைவலி உண்டு, மைக்ரேன். மாசத்துக்கு ரெண்டு தடவ வரும், ஒரு பக்கமா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், வெளிச்சம் ஆகாது, வாந்தி எடுத்துட்டு இருட்டு ரூம்ல படுத்துருவாங்க, மறுநாள் சரியாயிரும். இது வேற வலி, இத ஞாபகம் வச்சுக்கங்க.

போன வருசம் தை மாசத்துலருந்து நிலைமை மாறுது. ஆர்டர் நெறைய, படுக்க முடியாது. அப்ப என்ன பண்றாங்க, தலை லேசா கனக்குற மாதிரி இருந்தாலே ஒரு மாத்திரையப் போட்டுட்டு மெசின்ல உக்காந்துர்றது. அப்பறம் வலியே வரலைன்னாலும் இன்னைக்கு வேலை கெட்டுறக் கூடாதுன்னு முன்கூட்டியே ஒண்ணு. பாபின் போட்டு வைக்கிற டப்பா இருக்குல்ல, அந்தத் தகர டப்பா, அதுக்குள்ள நூலுக்கும் ஊக்குக்கும் நடுவுல எப்பவும் ஒரு அட்டை கிடக்கும். மாத்திரை எங்க கடையிலருந்துதான் போகுது. நானேதான் குடுத்தேன், அதையும் சொல்லிர்றேன்.

எனக்கு ஏன் சந்தேகம் வரலைன்னா அவங்க ஒரு நாளைக்கு ஒண்ணுதான் போடுவாங்க. வீட்டுக் கணக்கு நோட்டைப் பாத்தா மாசம் ரெண்டு அட்டை, சரி, வயித்தக் கெடுக்குற அளவு இல்ல, கிட்னிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நானா ஒரு கணக்குப் போட்டுக்கிட்டேன். அங்கதான் தப்பு. மாத்திரையால வர்ற இந்தத் தலைவலிக்கு மாத்திரை எத்தனைன்னு எண்ணக் கூடாது, நாள் எத்தனைன்னு எண்ணணும். மாசத்துல 3 நாள் தலைவலி வந்து அந்த 3 நாளும் நாலு நாலு மாத்திரை போட்டவருக்கு மொத்தம் 12. வேற கெடுதல் வரலாம், ஆனா இந்த விசயத்துல அவரு 3 நாள் ஆளு. எங்க மதினி ஒண்ணு ஒண்ணா 20 நாள் போட்டவங்க. மாட்டுனது அவங்கதான்.

கணக்கு என்னன்னா, வெறும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபன், ஆஸ்பிரின் மாதிரி ஒத்த மருந்தா இருந்தா மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ. ஒரே மாத்திரைக்குள்ள ரெண்டு மூணு மருந்து சேர்ந்திருந்தா, அதாவது பாராசிட்டமாலோட காஃபின் சேர்ந்தது, மைக்ரேனுக்குக் குடுக்குற எர்காட்டமின் சேர்ந்தது, அப்பறம் ட்ரிப்டான்ங்கிற மைக்ரேன் மாத்திரை, ட்ரமடால் மாதிரி கடுமையான வலி மருந்து வகை, இதுக்கெல்லாம் 10 நாள்தான் எல்லை. இது மூணு மாசத்துக்கு மேல தொடர்ந்து ஓடி, தலைவலியும் மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ இருந்துச்சுன்னா, மருந்தே தலைவலிய இழுத்துக்கிட்டுப் போகுதுன்னு டாக்டருங்க சந்தேகப்படுவாங்க. மெடிகேஷன் ஓவர்யூஸ் ஹெட்ஏக்னு இங்கிலீஷ்ல சொல்றாக, கடைப் பாஷையில சொன்னா மாத்திரைத் தலைவலி. அட்டையோட பின்னாடி எழுத்தப் படிங்க, நம்ம ஆளுக தலைவலிக்குன்னு கேட்டு வாங்குறதுல நெறைய காஃபின் சேர்ந்ததுதான், அதுக்கு மேல அஞ்சு டீ வேற.

மதினிக்கு இதுதான்னு எனக்கு எப்ப தெரிஞ்சுச்சுன்னா, பூ. மல்லிப்பூ இல்லாம அவங்களப் பாக்கவே முடியாது, சித்திரைத் திருவிழாவுக்கு எதிர்சேவை பாக்கப் போகும்போது பூ வேண்டாங்குறாங்க. ஏன் மதினின்னேன், தலையில வச்சா வலிக்குது தம்பி, சீப்பு பட்டாலே காந்துதுங்கிறாங்க. எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. தோலு மேல லேசா பட்டாலே வலியாத் தெரியுதுன்னா உள்ள நரம்பு ரொம்ப உசாராயிருச்சுன்னு அர்த்தம், படிச்சது ஞாபகம் வந்துச்சு. உடனே கேட்டேன், வெள்ளன எந்திரிக்கும்போதே வலிக்குதான்னு. ஆமாங்கிறாங்க, அதுவும் பழைய ஒத்தப் பக்கம் இல்ல, தலையச் சுத்தித் துண்டக் கட்டி இறுக்குன மாதிரி, மாத்திரை போட்டா நாலஞ்சு மணி நேரம் ஓடும், திரும்ப வந்துரும். ராத்திரி பூராம் மருந்து உடம்புல கொறஞ்சுக்கிட்டே வருதுல்ல, அதான் விடியக்காலையில ஆரம்பிக்குது.

உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். முகத்துக்கும் தலைக்கும் வலிய எடுத்துட்டுப் போறது ட்ரைஜெமினல் நரம்பு. மைக்ரேன் உள்ளவங்களுக்குப் பிறவியிலயே இந்த லைன் கொஞ்சம் சென்சிடிவ். திருவிழாவுல மைக்செட்காரர் வால்யூமத் திருகி வச்சா என்ன ஆகும், மேடையில பேசுறவரு மட்டுமா கேக்கும், பக்கத்துல ஒருத்தர் செருமுனது கூட ஊரு பூராம் கேக்கும், கடைசியில அது ஆளே இல்லாம தானா ஊளையிடும். அடிக்கடி மருந்து போகப் போக அந்த நரம்புல வலி கடத்துற சரக்கு, சி.ஜி.ஆர்.பி.ன்னு ஒண்ணு, அது கூடுறதா எலிகள்ல பாத்திருக்காங்க. மூளையில செரட்டோனின்னு ஒரு ரசாயனம், அந்த சிஸ்டமும் மாறுது, மூளை தானா வலிய அமுக்குற வேலையும் மந்தமாகுது. வால்யூம் ஏறி நிக்கும்போது வெயிலு, தூக்கக் கொறவு எல்லாமே வலிதான், வலிக்கு மாத்திரை, மாத்திரைக்கு இன்னும் வால்யூம்.

ஆனா எல்லாருக்கும் இப்படி ஆகாது. எங்க அப்பத்தா மூட்டுவலிக்கு வருசக்கணக்கா மாத்திரை போடுது, தலைவலின்னு ஒரு நாள் சொன்னதில்ல. ஏற்கனவே மைக்ரேனோ டென்சன் தலைவலியோ இருக்குறவங்களத்தான் இது பிடிக்கும்.

சரி, மதினிய என்ன பண்ணச் சொன்னேன்னா, பால் கணக்கு எழுதுற மாசக் காலண்டர் அடுப்படியில தொங்கும்ல, அதுலயே தலைவலிச்ச நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு உள்ள ஒரு புள்ளி. ஜூன் மாசம் முடிஞ்சு எண்ணுனோம். 24 வட்டம், 19 புள்ளி, அதுல 13 நாள் காஃபின் சேர்ந்த மாத்திரை. அந்தக் காலண்டரக் கிழிச்சு எடுத்துக்கிட்டுத்தான் நியூரோ டாக்டர்கிட்ட போனோம். அதுக்கு முன்னாடி கண்ணு பவர்னு ஒரு கண்ணாடி, சைனஸ்னு ஒரு சொட்டு மருந்து, எல்லாம் பாத்தாச்சு. டாக்டர் காலண்டரப் பாத்தாரு, நரம்பு செக் பண்ணாரு, கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்தாரு, ஸ்கேன் இப்பத் தேவையில்லன்னுட்டாரு. இத எல்லாருக்கும் பொருத்திப் பாக்காதீங்க. திடீர்னு இடி விழுந்த மாதிரி உச்சத்துல வர்ற வலி, காய்ச்சலோட கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் இழுக்குறது, 50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிக்கிற தலைவலி, தலையில அடிபட்டு வர்றது, இதுக்கெல்லாம் வீடியோ பாத்துக்கிட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

வைத்தியம் என்னன்னா நிறுத்துறதுதான். டாக்டர் ஒரு நல்ல வேலை பண்ணாரு, ஆடி மாசத்துல நிறுத்துங்கன்னாரு. முகூர்த்தம் கிடையாது, ஆர்டர் கம்மி, ரெண்டு வாரம் மெசின மூடி வைக்கலாம். பாராசிட்டமால், காஃபின் மாத்திரையெல்லாம் ஒரே நாள்ல நிறுத்திரலாம். ட்ரமடால் மாதிரியோ தூக்க மாத்திரையோ தினம் போடுறவங்க அப்படி நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்றபடி படிப்படியாத்தான் இறக்கணும். மதினிக்கு ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், அப்பறம் 25 ஆக்குனாரு. இது வலி மாத்திரை இல்ல, வலி வராம இருக்க, வேலை செய்ய வாரக்கணக்காகும், வாய் வறளும், காலையில கொஞ்சம் மப்பா இருக்கும். வாந்திக்கு மட்டும் சில நாளைக்குத் தனியா குடுத்தாரு.

மொத நாள் ஒண்ணுமில்ல, இம்புட்டுத்தானான்னு சிரிச்சாங்க. ரெண்டாம் நாள் சாயங்காலம் பிடிச்சுச்சு. மூணாம் நாள் வாந்தி, நெஞ்சு படபடப்பு, தூக்கமில்ல. நாலாம் நாள் ராத்திரி 11 மணிக்கு எனக்குப் போன், தம்பி ஒண்ணே ஒண்ணு குடுத்துவிடு, யாருக்கும் சொல்லமாட்டேன்னு அழுகை. அண்ணன் என்னத் திட்டுறாரு, மாத்திரைக்கடை வச்சுக்கிட்டு மாத்திரை தரமாட்டேங்கிறான்னு. எனக்கும் மனசு கேக்கல, ஆனா டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு, 2 நாள்லருந்து 10 நாள் வரைக்கும் முன்னவிட மோசமாத்தான் இருக்கும், அந்த வலிதான் நிறுத்துனதோட வலின்னு. ஐஸ் துணி, உப்புப் போட்ட கஞ்சி, இருட்டு ரூம்பு, அப்படியே ஓட்டுனோம். ஏழாம் நாள் தூங்கிட்டாங்க. பத்தாம் நாள் காலையில எந்திரிச்சு, வலி எங்கன்னு தலையத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்களாம்.

அதுக்காக மைக்ரேன் போயிராது, சிலர் இதுல ஏமாந்துர்றாக. ஆகஸ்ட்ல 11 வட்டம், செப்டம்பர்ல 7, அக்டோபர்ல 5. மிச்சமிருக்குறது அந்தப் பழைய ஒத்தத் தலைவலி, ரெண்டும் வேறன்னு இப்ப அவங்களுக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியுது. மைக்ரேன்னா ஆரம்பத்துலயே நேப்ராக்ஸன்ங்கிற வலி மாத்திரை, வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல கிடையாது, சும்மா கனத்தா தண்ணியக் குடிச்சுட்டு எந்திரிச்சு நடக்குறது. மொத வருசத்துல திரும்ப விழுறவங்க நெறைய, மூணுல ஒருத்தர்னு வச்சுக்கங்களேன், அதுனால காலண்டர் இன்னும் ஓடுது. கார்த்திகை முகூர்த்த ஆர்டர் வேற வந்துருச்சு.

இப்ப அவங்களுக்கு அட்டையா குடுக்குறதில்ல. கத்திரியால ரெண்டு வெட்டிக் குடுப்பேன், மறுபடி வேணும்னா காலண்டர போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பணும். கொழுந்தனா போலீசான்னு கேக்குறாங்க... இருங்க மக்களே, ஆள் வந்துருச்சு. அண்ணே என்ன வேணும்? தலைவலிக்கா? இந்த மாசம் எத்தனாவது நாள்ணே?