கோலியஸில் பூ வந்தால் உடனே கிள்ளுங்கள்

வணக்கம் மக்களே. பாளையங்கோட்டை மொட்டை மாடியில் இருந்துதான் பேசுகிறேன். பின்னால் கேட்பது ஆடிக் காற்று. மைக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் விடமாட்டேன் என்கிறது.

இந்தத் தொட்டியைப் பாருங்கள். நடுவில் கருஞ்சிவப்பு, ஓரத்தில் எலுமிச்சைப் பச்சை, மண்ணே தெரியாத அளவுக்கு இலை. இதே செடியை வைகாசியில் வாங்கி வந்த அன்று எடுத்த வீடியோ உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒற்றைத் தண்டு, ஒன்றரை அடி உயரம், அடிப்பாதியில் இலையே இல்லை, உச்சியில் ஊதாப் பூங்கதிர். நர்சரியில் 80 ரூபாய் சொன்னார்கள். பக்கத்துத் தொட்டி 60 ரூபாய்தானே என்று கேட்டால், "இதில் பூ வந்திருக்கு, அதனால 20 ரூபாய் கூட" என்று பதில். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை! கோலியஸ் இலைக்காக வளர்க்கிற செடி. பூ வந்தால் விலையைக் குறைக்க வேண்டும், கூட்டுவதா? நின்று பேசி 60 ரூபாய்க்கே வாங்கிவிட்டேன். இன்று நினைத்தாலும் அந்த 20 ரூபாய் எனக்குச் சந்தோஷம்தான்.

ஏன் பூ வேண்டாம் என்றால், இலை உண்டாகிற நுனியேதான் கதிராக மாறுகிறது. மாறிய பிறகு அந்தக் கிளையில் புது இலை வராது. கதிருக்குக் கீழே இருக்கும் இலைகள் சிறுத்துவிடும், அடி இலைகள் உதிரும். துளசிக் கதிரைக் கிள்ளிவிடுகிறோமே, அதே குடும்பம்தான் இது. தண்டைத் தொட்டுப் பாருங்கள், இதுவும் சதுரம். நாம் பொங்கலுக்கு வாங்குகிற சிறுகிழங்கும் கோலியஸுக்கு நெருங்கிய சொந்தம்.

பகல் குறையும் காலத்தில்தான் பூக்கும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். நம் ஊரில் பகல் எப்போதும் 12 மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால் அந்தக் கணக்கை நம்பி உட்கார முடியாது. செடி முதிர்ந்தாலும், வேர் தொட்டியை நிறைத்தாலும், தண்ணீர் இல்லாமல் வாடினாலும் எந்த மாதத்திலும் கதிர் வரும்.

சரி, எங்கே வெட்டுவது? கதிரை மட்டும் பிடுங்கினால் போதாது. அதற்கு அடுத்த கணுவில் இருக்கும் மொட்டும் பல நேரம் கதிராகவே வரும். அதனால் இரண்டு இலை ஜோடி கீழே இறங்குங்கள். இலைக்காம்பும் தண்டும் சேரும் இடத்தில் சின்னத் துளிர் தெரியும். அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். நுனி இருக்கும்வரை அது பக்கத் துளிர்களை அடக்கி வைக்கும். நுனி போனதும் ஒரு கணுவில் இரண்டு துளிரும் கிளம்பும்.

இந்தச் செடியில் இன்னும் கீழே போனேன். ஐந்து ஜோடி இலை இருந்தது, அடியில் இரண்டு ஜோடியை விட்டு மேலே வெட்டினேன். இலையே இல்லாத மொட்டைத் தண்டு வரை வெட்டாதீர்கள். துளிர்க்கலாம், அப்படியே காயவும் செய்யலாம். நாலு இலைக்கக்கத்திலும் துளிர் வந்து, ஒவ்வொன்றும் மூன்று ஜோடி இலை விட்டதும், இளநுனியை நகத்தாலேயே கிள்ளினேன். நாலு கிளை எட்டு ஆனது.

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். வெட்டுவதற்கு முந்தின சாயங்காலம் தண்ணீர் விடுங்கள். வெட்டிய பிறகு இலை குறைவு, செடி குடிப்பதும் குறைவு, அதனால் மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் இவ்வளவு ஆழமாக வெட்டவே வேண்டாம். நான் அது முடிந்த பிறகுதான் வெட்டினேன்.

இன்னொன்றும் உண்டு. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, நிறம் பச்சையாக மங்கினால் காரணம் வெளிச்சக் குறைவு. அதற்குக் கிள்ளுவது மட்டும் மருந்தாகாது, புதுக் கிளையும் அப்படியே நீளும். இந்தத் தொட்டிக்குக் காலை 10 மணி வரை வெயில், பிறகு சுவர் நிழல். உச்சி வெயில் பட்டால் இலை வெளுத்து ஓரம் கருகும். நெடுநெடுவென்று வளர்ந்த தண்டு இந்தக் காற்றில் கணுவோடு ஒடியும். என் மதினி வீட்டில் அப்படித்தான் ஒரு கிளை போனது.

கிள்ளிய நுனிகளைத் தூக்கி எறியாதீர்கள். கதிரை நீக்கி, அடி இலைகளை எடுத்துவிட்டு டம்ளர் தண்ணீரில் வையுங்கள். இலை தண்ணீரில் முங்கினால் அழுகும். பூக்காத கிளை கிடைத்தால் அதுவே மேல், பூத்த கிளை வேர்விட்டதும் மறுபடி பூக்கப் பார்க்கும். வேர் ஒரு அங்குலம் வந்ததும் தொட்டிக்கு மாற்றுங்கள். என் டம்ளரில் இருப்பதில் மூன்று மதினிக்கு, மீதி அந்த ஜன்னல் ஓரத் தொட்டிக்கு.