மயில்கழுத்துச் சேலையும் திரும்பி வந்த பொதியும்

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து பேசுகிறேன். மருதமுனைக் கைத்தறிச் சேலைகளையும் சல்வார் துணிகளையும் வட்ஸ்அப் குழுக்களில் கொமிஷனுக்கு விற்பதைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இன்று ஒரேயொரு சேலையின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் நட்டம் எந்த வழியாக வருகிறது என்பதை அந்தச் சேலைதான் எனக்குக் காட்டியது.

நெசவாளர் படமும் தன் விலையும் அனுப்புவார். நான் என் பங்கைச் சேர்த்து என் குழுவில் போடுவேன். ஓடர் வந்ததும் பொதி அவருடைய வீட்டிலிருந்து நேராக வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போகும். ஆகவே நான் விற்கும் சேலையை நான் தொட்டுப் பார்த்திருக்கவே மாட்டேன். முதல் போட வேண்டியதில்லை என்று பலரும் மகிழ்வது இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான். ஆனால் பொருளைப் பாராமலே அதன் நிறத்துக்கு நாம் வாக்குக் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

அன்று வந்தது மயில்கழுத்து நிறச் சேலை. நெசவாளரின் விலை 5,500 ரூபாய். நான் 700 ரூபாய் சேர்த்து 6,200 என்று போட்டேன். தெகிவளையில் இருக்கும் ஒரு அக்கா, பொதி கைக்கு வந்ததும் பணம் தருவதாகக் கூறி எடுத்துக்கொண்டார். அன்றிரவே அவரிடமிருந்து செய்தி வந்தது: "தங்கச்சி, நான் கேட்டது நீலம், வந்திருப்பது பச்சை." அவரும் பிழை சொல்லவில்லை, நெசவாளரும் வேறு சேலையை அனுப்பவில்லை.

மயில்கழுத்து என்பது ஒரே சாயத்தால் வருகிற நிறம் அன்று. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறமாகவும் குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறு நிறமாகவும் தறியில் சேரும்போது பிறக்கும் நிறம் அது. அந்தச் சேலையில் பாவு பச்சை, ஊடை நீலம். துணியைத் திருப்பத் திருப்ப ஒரு நூல் ஒளியை வாங்கி மேலெழும், மற்றது பின்வாங்கும். பட்டில் பளிச்சென்று தெரியும் இந்த மாற்றம் பருத்தியில் அடங்கித் தெரியும், அவ்வளவுதான். கைப்பேசிப் படமோ ஒரு கோணத்தையும் ஒரு வெளிச்சத்தையும் மட்டுமே பிடித்துவைக்கிறது. நெசவாளரின் முற்றத்து வெயிலில் நீலமாக நின்ற சேலை, அக்காவின் வீட்டு ரியூப் லைட்டின் கீழ் பச்சையாகத் தெரிந்தது.

சேலை திரும்பி வந்தது. பொதி போன கூலியும் திரும்பிய கூலியும் சேர்ந்து 850 ரூபாய் ஆனது. நிறத்தை "நீலம்" என்று எழுதியவள் நான் என்பதால் அதை நானே கட்டினேன். கிடைக்கவிருந்த கொமிஷன் 700 போனதோடு, அந்த 850 ரூபாயை மீட்க இன்னொரு சேலையை முழுவதுமாக விற்றாலும் போதாது என்ற கணக்கை அன்றுதான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

அதன் பிறகு நெசவாளரிடம், "நானா, படம் மட்டும் வேண்டாம், பாவு என்ன நிறம், ஊடை என்ன நிறம் என்று எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். வெயில் நேரடியாக விழாத யன்னலோரத்தில் சேலையை மெதுவாக மடித்துத் திருப்பி எடுத்த சிறிய வீடியோவையும் அவர் இப்போது அனுப்புகிறார். நான் அதில் எந்த அழகூட்டலும் செய்யாமல், இரு நிறங்களின் பெயரையும் எழுதியே குழுவில் போடுகிறேன். வாடிக்கையாளரிடம் 1,000 ரூபாய் முற்பணம் வாங்குகிறேன். மனம் மாறித் திருப்பினால் கூலி அதிலிருந்து கழியும், வீடியோவுக்கு மாறான துணி வந்தால் கூலி நெசவாளருடையது, நான் எழுதியது பிழை என்றால் என்னுடையது. இதை மூவரும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்கிறோம்.

சல்வார் துணியில் இன்னும் கவனம் வேண்டும். மேற்சட்டைத் துணியும் சாலும் தனித்தனியாக நெய்யப்படுவதால், இரண்டுக்கும் நூல் ஒரே தடவையில் சாயம் போடப்பட்டதா என்று கேட்டுவிடுங்கள். சிறு அளவில் சாயமிடும்போது ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் நிறம் சற்று ஏறும், இறங்கும். தனிச் சேலையில் அதை யாரும் கவனிப்பதில்லை. தோளில் சாலைப் போட்டதும் அது கண்ணில் படும். அதே காரணத்தால், விற்றுப்போன சேலையைப் பார்த்து "இதே நிறத்தில் இன்னொன்று" என்று கேட்பவர்களிடம் நான் "நெருங்கிய நிறம்" என்று மட்டுமே சொல்கிறேன்.

திரும்பி வந்த அந்த மயில்கழுத்துச் சேலையை யன்னலோர வீடியோவுடன், பச்சைப் பாவு, நீல ஊடை என்று எழுதி மறுபடியும் போட்டேன். கொட்டாஞ்சேனையில் ஒருவர், இரு நிறமும் தெரிவதால்தான் வேண்டும் என்று கூறி 6,200 ரூபாய்க்கே எடுத்துக்கொண்டார்.