பக்க எண்ணில் எத்தனை இலக்கங்கள்?

வணக்கம் நேயர்களே. ஒரு புத்தகத்தின் பக்கங்களுக்கு 1 முதல் வரிசையாக எண் போட்டிருக்கிறார்கள். அதற்கு மொத்தம் 1104 இலக்கங்கள் தேவைப்பட்டன என்று மட்டும் சொல்கிறார்கள். புத்தகத்தில் எத்தனை பக்கம்?

இலக்கம் வேறு, எண் வேறு. 57 என்பது ஓர் எண். அதில் 5, 7 என்று இரண்டு இலக்கங்கள். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக் கோர்த்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 57ஆம் பக்கத்துக்கு இரண்டு அச்சுகள், 404ஆம் பக்கத்துக்கு மூன்று. அதில் 4 என்ற அச்சு இரண்டு தடவை வந்தாலும், இரண்டாகத்தான் எண்ண வேண்டும்.

முதல் ஒன்பது பக்கங்களுக்கு 9 இலக்கங்கள். அப்புறம் 10 முதல் 99 வரை. பலர் சறுக்கும் இடம் இதுதான். 99இலிருந்து 10ஐக் கழித்து 89 பக்கம் என்று எழுதிவிடுவார்கள். 10 முதல் 12 வரை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மூன்று எண்கள், கழித்தால் இரண்டுதான் வரும். தொடங்கும் எண்ணையும் சேர்க்க வேண்டும். ஆகவே 90 பக்கங்கள், 180 இலக்கங்கள். 99ஆம் பக்கம் முடியும்போது மொத்தம் 189.

இப்போது நம் கணக்கு. 1104இல் 189 போக மீதி 915. இனி ஒவ்வொரு பக்கமும் மூன்று இலக்கம் கேட்கும். 915ஐ மூன்றால் வகுத்தால் 305. ஏற்கெனவே முடிந்த 99 பக்கங்களோடு கூட்டினால் 404 பக்கங்கள். நூறோடு கூட்டி 405 என்று சொல்லிவிடாதீர்கள். நூறாம் பக்கம் அந்த 305க்குள்ளேயே இருக்கிறது.

விடையைச் சரிபார்க்க எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. எல்லாப் பக்கங்களுக்கும் மூன்று இலக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7ஐ 007 என்றும், 57ஐ 057 என்றும் எழுதுவோம். 404ஐ மூன்றால் பெருக்கினால் 1212. இதில் வெறுமனே சேர்த்த பூஜ்யங்கள் எத்தனை? முதல் ஒன்பது பக்கங்களில் இரண்டிரண்டாக 18, அடுத்த தொண்ணூறில் ஒவ்வொன்றாக 90, ஆக 108. அதைக் கழித்தால் 1104. சரியாக வந்துவிட்டது!

1104க்குப் பதிலாக 1000 இலக்கங்கள் என்று யாராவது சொன்னால்? 189 போக 811. மூன்றால் வகுத்தால் 270 போக ஒன்று மிஞ்சுகிறது. அதாவது 369 பக்கம் முடிந்து, 370க்கு ஒரே ஓர் இலக்கம்தான் கையில் இருக்கிறது. சரியாக 1000 இலக்கங்களில் முடியும் புத்தகமே கிடையாது.

999ஆம் பக்கம் வரை 2889 இலக்கங்கள். அதற்குமேல் நான்கால் வகுக்க வேண்டும். 3009 இலக்கங்கள் என்றால், 2889 போக 120. நான்கால் வகுத்தால் 30. ஆக 1029 பக்கங்கள். மறந்துபோய் முன்போலவே 189ஐக் கழித்து மூன்றாலேயே வகுத்து, 99ஐக் கூட்டினாலும் மீதியில்லாமல் 1039 என்று வரும். ஆனால் மூன்று இலக்கப் பக்கங்கள் 999ஓடு முடிந்துவிடுவதால், அந்த விடை 999ஐத் தாண்டி நிற்பதைப் பார்த்ததுமே தவறு தெரிந்துவிடும்.