பழைய போனைக் கைவிடும் முன்

நேயர்களுக்கு வணக்கம். போன பொங்கலுக்கு என் அக்கா புது போன் வாங்கினார். சிம்மை மாற்றினார், படங்களை ஏற்றினார், பழைய போனைச் சுத்தமாக அழித்துக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து தன் கூகுள் கணக்கில் நுழையப் போனால் ஆறு இலக்க எண் கேட்கிறது. அந்த எண்ணைத் தரும் கூகுள் ஆத்தென்டிகேட்டர் செயலியை இறக்கித் திறந்தார், உள்ளே ஒன்றுமில்லை. "சிம் அதேதானேடா, நம்பர் ஏன் வரலை?" என்று எனக்குப் போன் செய்தார்.

குறுஞ்செய்தியில் வரும் எண் என்றால் சிம்மோடு வந்திருக்கும். இது அப்படியில்லை. கடவுச்சொல்லோடு இப்படி ஓர் எண்ணும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை முதலில் போடும்போது திரையில் ஒரு கியூ.ஆர். கட்டம் வருமே, அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. ஸ்கேன் செய்ததும் அது போனில் தங்கிவிடும். அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் 30 விநாடிக்கு ஒரு புது எண் பிறக்கிறது. இதற்கு நெட்கூட வேண்டாம். அக்கா போனை அழித்தபோது சாவியும் அழிந்தது.

அவரைக் காப்பாற்றியது ஒரு காகிதம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 2-Step Verification-ஐப் போட்ட அன்றே, அங்கே Backup codes என்பதிலிருந்து பத்து எண்களை அச்செடுத்து ரேஷன் அட்டையோடு வைத்திருந்தோம். செயலியின் எண்ணுக்குப் பதிலாக இவற்றில் ஒன்றைக் கொடுக்கலாம். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறைதான் செல்லும். புதிதாகப் பத்து எடுத்தால் பழைய தாள் செல்லாது.

மாற்றும்போது இரண்டு போனும் கையில் இருக்க வேண்டும். பழையதில் செயலியின் மெனுவில் Transfer accounts, அதில் Export accounts. கியூ.ஆர். கட்டம் வரும். புதியதில் Import accounts வழியாக அதை ஸ்கேன் செய்யுங்கள். அந்தக் கட்டத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்; தேர்ந்தெடுத்த கணக்குகளின் சாவிகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

இப்போது இரண்டு போனிலும் ஒரே எண் ஓட வேண்டும். ஓடாவிட்டால் போனின் கடிகாரத்தைப் பாருங்கள், தானியங்கி நேரத்தில் வையுங்கள். பிறகு ஏற்கெனவே திறந்திருக்கும் கணக்கில் அல்ல, கணினியில் Incognito சாளரம் திறந்து, புது போனின் எண்ணைக் கொடுத்து உள்ளே போய்ப் பாருங்கள். அது நடந்த பிறகு பழைய போனின் செயலியிலிருந்து கணக்குகளை நீக்குங்கள். நீக்காவிட்டால் அதுவும் சரியான எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

செயலியில் கூகுள் கணக்கை இணைத்திருந்தால் சாவிகள் தானாகவே புது போனுக்கு வரும் என்பீர்கள். வரும்தான். ஆனால் அந்தக் கணக்கைத் திறக்கவே அந்த எண்தான் வேண்டும் என்றால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. அக்காவின் தாளில் இப்போது ஓர் எண் பேனாவால் அடிக்கப்பட்டிருக்கிறது, ஒன்பது பாக்கி. வணக்கம்.