உடம்பு முடியாத நாளுக்கு ஒரு போன் விளையாட்டு: Net

எல்லாருக்கும் வணக்கம், காரைக்குடியிலேர்ந்து பேசுறேன். நாள்பட்ட சோர்வு, தீராத வலி இருக்கவங்களுக்கு, படுக்கையை விட்டு எழுந்திரிக்க முடியாத நாள்ல விளையாடுறதுக்கு ஒரே ஒரு விளையாட்டை இன்னைக்கு முழுசா காட்டுறேன்.

நம்ம பக்கத்து வீடுகள்ல பல்லாங்குழி, தாயக்கட்டை இல்லாம இருக்காது. ஆனா வலி நாள்ல அதுக்குத் தரையில சம்மணம் போட்டு உக்காரணும், புளியங்கொட்டையை விரல் நுனியால ஒண்ணொண்ணா அள்ளணும். விரல் மூட்டுல வலி இருக்கவங்களுக்கு அந்த அள்ளுறதே பெரிய வேலைங்க.

சரி, போன்ல விளையாடலாம்னு போனா அங்க வேற தொல்லை. ‘தொடர்ந்து 40 நாள் ஆடியிருக்கீங்க, இன்னைக்கு விட்டா போயிடும்’னு மிரட்டும். ME/CFS-ங்கிற நாள்பட்ட சோர்வு நோய் இருக்கவங்களுக்கு இது நிஜமாவே கெடுதல். மூளைக்குக் குடுக்குற வேலையும் உடம்பு வேலை மாதிரியே கணக்குல வரும். அளவு மீறினா அப்பவே தெரியாது. பெரும்பாலும் 12லேர்ந்து 48 மணி நேரம் கழிச்சுத்தான் ஆளைச் சாய்க்கும். அதனால ‘இப்ப நல்லாத்தானே இருக்கு’ன்னு நினைச்சு ஆடிக்கிட்டே இருக்கக் கூடாது. ஆரம்பிக்கும்போதே போன்ல அஞ்சு நிமிஷத்துக்கு டைமர் வைங்க. அது அடிச்சா பாதி ஆட்டமா இருந்தாலும் நிறுத்திடுங்க.

பாதியில நிறுத்தினாலும் எதுவும் போகாத ஆப் இது: Simon Tatham's Puzzles. PuTTY-ங்கிற கம்ப்யூட்டர் மென்பொருளை எழுதினாரே, அதே சைமன் டாத்தம் எழுதின புதிர்த் தொகுப்பு. இலவசம், விளம்பரம் கிடையாது, இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். நாள் கணக்கு, உயிர்க் கணக்கு எதுவும் இல்லை. எந்த ஆப்பையும் நம்புறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. ஒரு ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டு ஹோம் பட்டனை அமுக்குங்க, ஆப்பைத் தள்ளி மூடுங்க, பத்து நிமிஷம் கழிச்சுத் திறங்க. விட்ட இடத்துலயே நிக்கணும். நிக்கலைன்னா அந்த ஆப் நமக்கு வேண்டாம்.

அதுக்குள்ள நிறைய புதிர் இருக்கு, எல்லாமே நமக்கு ஒத்து வராது. Untangle-ல புள்ளியை இழுத்து இழுத்து நகர்த்தணும், மணிக்கட்டுக்கு ஆகாது. Mines-ல நேரம் ஓடிக்கிட்டே இருக்கும், எத்தனை தடவை செத்தோம்னும் கணக்குக் காட்டும். நான் சொல்றது Net. இதுல தட்டினா போதும், இழுக்க வேண்டியதில்லை.

5x5 எடுங்க. பேர்ல wrapping இருக்கறதை விட்டுடுங்க, அதுல ஓரமே கிடையாது, தலை சுத்தும். 25 கட்டம், ஒவ்வொண்ணுலயும் ஒரு கம்பித் துண்டு. தட்டினா கால் சுற்று திரும்பும். நடுவுல இருக்க மூலத்தோட எல்லாக் கட்டமும் சேரணும், எங்கயும் வளையம் விழக் கூடாது. அவ்வளவுதான்.

நடுவுல ஆரம்பிச்சீங்கன்னா குழம்பிடும், ஓரத்துலேர்ந்து வாங்க. மேல் இடது மூலையில L மாதிரி வளைஞ்ச துண்டுன்னு வைங்க. வலப்பக்கமும் கீழயும் பார்த்துத்தான் நிக்க முடியும், வேற வழியே இல்லை. அப்போ அதுக்கு வலப்பக்கத்துக் கட்டம் கண்டிப்பா இடது பக்கம் கை நீட்டணும். அங்க நேர்த்துண்டுன்னா படுக்கையா வைங்க, அடுத்த கட்டத்துக்கும் பதில் கிடைச்சிடுச்சு. மூணு கை துண்டுன்னா தட்டையான முதுகு வெளிச்சுவரைப் பார்க்கணும். மூலையில பல்பு மாதிரி ஒத்தைக் கை துண்டு வந்தா ரெண்டு வழி இருக்கும், அதை விட்டுட்டு அடுத்த மூலைக்குப் போங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஒத்தைக் கை இருந்தா ஒண்ணையொண்ணு பார்க்கக் கூடாது. பார்த்தா அது ரெண்டும் தனியாத் துண்டிச்சுப் போயிடும்.

தப்பாத் தட்டிட்டா Undo இருக்கு, ஆரம்பம் வரைக்கும் பின்னால போகலாம். ஒரே கட்டத்தை நாலஞ்சு தடவை சுத்தி, எதுக்குச் சுத்துறோம்னே மறந்து போச்சுன்னா மூளை களைச்சிடுச்சுன்னு அர்த்தம். டைமர் அடிக்கலைன்னாலும் போனை வச்சிடுங்க.

போனைக் கையில தூக்கிப் பிடிக்காதீங்க, அது தோளையும் கழுத்தையும் தின்னுடும். ஒருக்களிச்சுப் படுத்து, முன்னால இன்னொரு தலையணையில போனைச் சாய்ச்சு வச்சு, அதே தலையணையில முழங்கையை ஊனிக்கிட்டு ஒரு விரலால தட்டுங்க. வெளிச்சம் கண்ணைக் குத்துறவங்க பிரைட்னஸை அடிமட்டத்துக்கு இறக்கிடுங்க. சித்திரை வெயில்ல வளவுப் பக்கம் படுத்திருந்தா முற்றத்து வெளிச்சம் திரையில விழும், முதுகை முற்றத்துக்குக் காட்டாதீங்க.

5x5 கூடப் பாரமா இருக்க நாள்ல Custom போய் அகலம் 3, உயரம் 3 போடுங்க. ஒம்பதே கட்டம், அதுல நாலு மூலை.